மைக் இருந்தும் தொண்டை கட்டுவது ஏன்? பெரிய மண்டபத்தில் கத்தாமல் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

கடலோரத்தில் ஒரு ஊர், குளச்சலுக்குப் பக்கம். அங்கே பங்குச் சாமியாராக இருந்த ஓர் இளைஞர் ஞாயிறு காலை இரண்டு பூசை வைப்பார். இரண்டாவது பூசையில் மறையுரை முடிவதற்குள் அவர் குரல் கம்மிவிடும். திங்கட்கிழமை முழுக்கச் சைகைதான். கோயிலில் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தது. சுவரோடு ஆறு பாக்ஸ், வாசக மேடையில் வளைகழுத்து மைக். இவ்வளவு இருந்தும் பின் பெஞ்சில் "கேக்கல்ல" என்றார்கள், இவர் கத்தினார்.

நான் முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். பட்டிமன்றம், கோயில் கொடை, சபைக் கூட்டம் என்று மாவட்டத்தில் மேடை ஏறாத ஊர் குறைவு. என் தொண்டையும் ஒரு முறை நின்றுபோனது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் கேமராவை விட்டுப் பார்த்து, குரல் நாண்களின் ஓரத்தில் இரண்டு சிறு தடிப்புகளைத் திரையில் காட்டினார். கையில் காய்ப்பு வருவதைப் போல, மோதி மோதி வந்தவை அவை. ஆணின் குரல் நாண்கள் பேசும்போது விநாடிக்குச் சுமார் 120 முறையும் பெண்ணின் நாண்கள் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் வேகமும் கூடும், எண்ணிக்கையும் கூடும். ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மைக்கை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

அந்தச் சாமியாருக்குச் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன். ஆசிரியரோ, கோயிலில் மந்திரம் ஓதிப் பூசை செய்யும் போற்றியோ, போதகரோ, பள்ளிவாசலில் குத்பா ஓதும் ஹஸ்ரத்தோ, அவரவர் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் காரணத்தைப் பிடியுங்கள்

மைக் வைத்தும் ஒருவர் கத்துகிறார் என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. வாய்க்கும் மைக்குக்கும் தூரம் அதிகமாக இருக்கும், அல்லது பேசுகிறவருக்குத் தன் குரல் காதில் விழாது. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றிலும் சத்தம் இருந்து தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காவிட்டால், மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். எட்டியன் லோம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். மண்டபத்தில் பாக்ஸ் எல்லாம் மக்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேடையில் நிற்கிறவர் காதுக்கு வருவது மின்விசிறிச் சத்தமும் பின்சுவரில் முட்டித் திரும்பும் குழம்பிய ஒலியும்தான். மைக் வேலை செய்யவில்லை என்று அவர் மனம் முடிவு கட்டிவிடுகிறது.

அன்று மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இதை ஒரே மூச்சில் சொன்னார். "சாமி, நீங்க கத்தினா பாக்ஸ் கிழியும்னு நான் வால்யூமைக் குறைக்கேன். நான் குறைச்சதும் கேக்கலைன்னு நீங்க இன்னும் கத்துறீங்க. ரெண்டு பேரும் மாறி மாறி இதத்தான் செஞ்சிட்டு இருக்கோம்." இந்த வளையத்தை உடைப்பதுதான் கீழே வரும் அத்தனை படிகளின் வேலையும்.

படி 1: ஆள் வருமுன் கை தட்டுங்கள்

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போய், நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று ஒரே ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். ஒலி முழுதாக அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கினால் கவலை இல்லை. இரண்டு விநாடிக்கு மேல் நீண்டால், அந்த இடத்தில் சத்தம் கூட்டுவது தெளிவைக் குறைக்கும். நீங்கள் சொன்ன முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். நம் பக்கத்துப் பழைய கோயில்களும் உயர்ந்த கூரை போட்ட புதிய தேவாலயங்களும் பெரும்பாலும் இந்த வகை. வெறும் சுவரும் கிரானைட் தரையும் ஒலியை விழுங்காது, மனித உடலும் உடையும் விழுங்கும். ஆகவே ஆள் நிறைந்தபின் எதிரொலி கொஞ்சம் குறையும்.

எதிரொலி நீண்ட இடத்தில் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பதுதான். ஒரு வாக்கியம் முடிந்ததும் அதன் வால் அடங்கும்வரை நில்லுங்கள். அந்த இடைவெளியில் நீங்கள் மூச்சும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மைக் எப்போதும் பாக்ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பாக்ஸ் மேடைக்குப் பின்சுவரில் மாட்டியிருந்து, அதற்கு முன்னால் நீங்கள் மைக்கோடு நின்றால், பாக்ஸின் ஒலி மைக்கில் நுழைந்து மறுபடி பாக்ஸில் வந்து கூவத் தொடங்கும். அந்தக் கூவலுக்குப் பயந்துதான் செட்காரர் வால்யூமைக் கீழேயே வைத்திருப்பார். அதன் பாரம் உங்கள் தொண்டையில் விழும்.

படி 2: தூரம், எல்லாவற்றிலும் பெரியது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாமியாருக்குப் பாதி நோய் இங்கேதான் தீர்ந்தது.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அதாவது ஒலி அழுத்தம் இரட்டிப்பாகும். நாங்கள் அளந்தபோது அவர் வாய்க்கும் வளைகழுத்து மைக்குக்கும் 40 செ.மீ. இருந்தது. சாமியார் நல்ல உயரம். மைக் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வளைத்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 6, இன்னும் பாதியாக்கி 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் இன்னொரு 6, ஆக மொத்தம் 12 டெசிபல். சாதாரணமாக உரையாடுவதற்கும் நன்றாகக் குரல் எடுத்துப் பேசுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இந்த அளவுதான். எனவே அவர் முன்பு கத்தி எட்டிய அதே சத்தம், இப்போது சாப்பாட்டு மேசையில் பேசும் குரலிலேயே பின் பெஞ்சுக்குப் போகும். ஆம்ப்ளிஃபையரைத் தொடவே வேண்டாம். அதைத் தொடாததால் கூவலும் கூடாது.

அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கையில் பிடிக்கும் மைக் என்றால் உதட்டிலிருந்து நான்கு விரல் அகலம். வளைகழுத்து மைக் என்றால் அதிகபட்சம் ஒரு சாண், எதிரொலியோ கூவலோ உள்ள இடத்தில் அரைச் சாண். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு முறை கையை வைத்து அளந்துவிடுங்கள். மக்கள் பார்க்கிறார்களே என்று கூச வேண்டாம்.

சாமியாருக்கு ஒரு மறுப்பு இருந்தது. "மைக் முகத்தை மறைக்கும் சார், சனம் என் வாயைப் பார்க்கணும்." நியாயமான பேச்சுதான். வாய் அசைவைப் பார்த்தால் காது மங்கியவர்களுக்குப் பாதி விளங்கும். ஆனால் மைக் வாய்க்கு நேர் எதிரே வர வேண்டியதில்லை. தாடைக்குக் கீழே, சற்று ஓரமாக இருந்து வாயை அண்ணாந்து பார்த்தால் போதும். முகமும் தெரியும், மூச்சுக் காற்றும் நேராக மைக்கில் அடிக்காது. தமிழின் பகரத்தில் காற்று குறைவு. மந்திரம் ஓதுகிற போற்றிகளுக்கு மூச்சோடு வரும் எழுத்துகள் அதிகம், அவை 'டப் டப்' என்று வெடிக்கும். அவர்களுக்கு இந்தச் சாய்வு கட்டாயம் வேண்டும்.

நெருங்கினால் ஒரு பக்கவிளைவு உண்டு. ஒரு திசையை மட்டும் கேட்கும் வகை மைக்குகளில், வாய் மிக அருகே வந்தால் கீழ்க்குரல் தடித்துவிடும். ஆண்கள் குரல் பானைக்குள் பேசுவது போல ஆகும். எதிரொலிக் கோயிலில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோகும், 'பல்லி' எது 'பள்ளி' எது என்று தெரியாது. மருந்து எளிது. ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழைக் குறையுங்கள். மிக்ஸரில் 'லோ கட்' பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது, அதனால் பேஸ் குறைந்தால் பேச்சுக்கு நட்டம் எதுவும் இல்லை.

மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். கல்யாண மண்டபங்களில் இளைஞர்கள் இப்படிப் பிடிப்பதைப் பார்க்கிறேன். வலைத்தலையை மூடினால் அந்த மைக் திசை பார்க்கும் குணத்தை இழந்து, எல்லாப் பக்கமும் உள்ள ஒலியை இழுத்துக் கூவும். தண்டைப் பிடியுங்கள்.

படி 3: உங்கள் குரலில் சோதனை, 'ஹலோ ஹலோ' வேண்டாம்

செட்காரர் "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்ப்பது அவர் குரலுக்கு. உங்கள் குரலுக்கு நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் உண்மையில் பேசப்போகும் முதல் நாலு வாக்கியத்தை, எதிரே உட்கார்ந்த ஒருவரிடம் பேசும் அதே குரலில், சரியான தூரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருங்கள். செட்காரர் வால்யூமை மெல்ல ஏற்றட்டும். 'ங்ங்' என்று வளையம் கட்டுவது போல ஒலி தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கீழே இறக்கி நிறுத்தச் சொல்லுங்கள். அதன்பிறகு அவரிடம் ஒரு வேண்டுகோள்: "அண்ணே, நான் இதைவிட உரக்கப் பேச மாட்டேன், நீங்களும் குறைக்காதீங்க." இந்த ஒப்பந்தம் இருந்தால்தான் மேலே சொன்ன வளையம் உடையும்.

பின்வரிசையில் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். கேட்டால் கை மார்பில், கேட்காவிட்டால் கை காதில். உங்கள் காதை நம்பாமல் அவர் கையை நம்புங்கள்.

படி 4: உங்களுக்கும் ஒரு பாக்ஸ் வேண்டும்

மானிட்டர் என்கிற சின்னப் பாக்ஸை, மேடையில் உங்களைப் பார்த்துத் தரையில் சாய்த்து வைப்பார்கள். பாட்டுக் கச்சேரிக்கு மறக்காமல் வைக்கிறவர்கள் சொற்பொழிவுக்கு வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். மைக்கின் பின்முதுகு அந்தப் பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும், அப்போது கூவாது. சத்தமும் அதிகம் வேண்டாம், உங்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகத் திரும்பி வந்தால் போதும்.

திறந்தவெளியில் இதன் தேவை இன்னும் அதிகம். திருவிழாவுக்கும் கொடைக்கும் தெரு நெடுகத் தென்னையிலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி மேடையைப் பார்த்துக் கட்டிய ஒரு குழாயின் ஒலி, நீங்கள் சொன்ன சொல்லை ஐந்தில் ஒரு விநாடி கழித்து உங்கள் காதில் போடும். தன் குரல் இந்த அளவு தாமதமாகத் திரும்பி வந்தால் யாருக்கும் நாக்கு தடுமாறும், சொல் இழுபடும். அதை மீறப் பேச்சாளர் கத்துவார். அந்தக் குழாயை மேடைக்கு முதுகு காட்டும்படி திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். காலடியில் மானிட்டர் இருந்தால் முதலில் அதன் ஒலி காதுக்கு வந்துவிடும், தாமதக் குரல் அவ்வளவாகத் தொல்லை தராது.

மானிட்டர் கிடைக்காத இடத்தில் நான் செய்வது இதுதான். பேசும்போது மூக்கின் பாலத்திலும் மேலுதட்டிலும் ஓர் அதிர்வு இருக்கும், 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தால் தெரியும். காதில் குரல் விழாத இடத்தில் அந்த அதிர்வையே துணையாகக் கொண்டு பேசுங்கள். அது மறைந்து, கழுத்து நரம்பு இறுகுவது தெரிந்தால் நீங்கள் கத்த ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள்.

படி 5: பேசும்போது

முதல் இரண்டு நிமிடம் வேண்டுமென்றே தணிந்து பேசுங்கள். கூட்டம் அடங்காமல் இருக்கும்போது குரலை ஏற்றித் தொடங்கினால், அந்த உயரத்திலிருந்து பிறகு இறங்கவே முடியாது. வழக்கமாக அங்கேதான் தொண்டை போகிறது. தணிந்த குரலில் தொடங்கினால் கூட்டம் கேட்பதற்காக அடங்கும்.

ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில், ஓங்கிச் சொல்வதற்குப் பதில் இரண்டு விரல் மைக்குக்கு நெருங்கி, மெதுவாகச் சொல்லுங்கள். உணர்ச்சி மேலிட்டு எப்படியும் குரல் எழும் என்று தெரிந்தால், மைக்கை ஒரு சாணுக்கு விலக்கிக்கொள்ளுங்கள். பாக்ஸ் அலறாது, செட்காரரும் வால்யூமைக் குறைக்க மாட்டார்.

தலையைத் திருப்பும்போது மைக்கும் உடன் வர வேண்டும். வளைகழுத்து மைக் வராது, ஆகவே இடம் வலம் பார்க்கையில் வாய் மைக்கை விட்டு விலகாதபடி உடம்பை நகர்த்துங்கள். புத்தகத்தைக் குனிந்து வாசித்தால் குரல் மேசையில் விழும், கழுத்தும் மடங்கும். புத்தகத்தைத் தூக்கிப் பிடியுங்கள்.

காலர் மைக் சௌகரியம். ஆனால் அது தாடைக்கு ஒரு சாண் கீழே இருந்து நாலாபக்கமும் கேட்கும் வகை, எதிரொலிக் கோயிலில் சீக்கிரம் கூவும், பூசை உடை உரசினால் கரகரக்கும். பீடத்தில் நடந்துகொண்டே பேச வேண்டியவர்களுக்குக் கன்னத்தோடு ஒட்டி நிற்கும் ஹெட்செட் மைக்தான் என் தேர்வு. தலை எங்கே திரும்பினாலும் தூரம் மாறாது. எழுபது பேர் வகுப்புக்கு இடுப்பில் கட்டும் சிறிய பெட்டியோடு வரும் ஹெட்செட்டே போதும், மின்விசிறிக்கு மேல் கேட்கும். குனிந்து மைக்கைப் பெட்டிக்கு நேரே கொண்டுபோகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் பேச்சை நிறுத்துங்கள். ஜெனரேட்டர் ஓடும்வரை பேசாமல் நில்லுங்கள். ஐந்நூறு பேருக்கு வெறும் குரலில் ஐந்து நிமிடம் பேசியதுதான் என் தொண்டை நின்றுபோன அன்று நான் செய்த தவறு. அதுவரை இரண்டு மணி நேரம் மைக்கில் பேசியபோது எதுவும் ஆகவில்லை.

படி 6: இறங்கிய பிறகு

செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் அறைந்துகொள்கின்றன. ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்கினால் அதே காரியம் நடக்கும். கம்மிய குரலோடு கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பது நல்லது.

எனக்கு மிகவும் உதவியது ஒரு ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை ஆழம் வைத்து, 'ஊ' என்று மெல்லிய குரலோடு ஊதிக் குமிழி விடுங்கள். கீழ்க்குரலிலிருந்து மேலேயும் மேலிருந்து கீழேயும் குரலை வழுக்கி விடுங்கள். வாய்க்குள் தேங்கும் காற்றழுத்தம் நாண்களின் மோதலைத் தணிக்கிறது. குரல் பயிற்சியாளர்கள் உலகமெங்கும் சொல்லித்தருவது இது. பேசும் முன் மூன்று நிமிடம், பேசிய பின் மூன்று நிமிடம் செய்யலாம்.

சளி பிடித்துக் குரல் கட்டியிருக்கும் நாளில் எந்த மைக்கும் உங்களைக் காப்பாற்றாது, வேறொருவரைப் பேசச் சொல்லுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களைப் பார்த்துவிடுங்கள். விழுங்கும்போது வலி, எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் ஏதாவது இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது.

அந்தக் கோயிலில் முடிவாக என்ன செய்தோம்

வளைகழுத்து மைக்கின் அடியில் ஒரு மரத்துண்டு வைத்து உயர்த்தி, சாமியாரின் தாடைக்கு அரைச் சாண் கீழே நிறுத்தினோம். பேஸைக் குறைத்தோம். கிடங்கில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய பாக்ஸைத் துடைத்து அவர் காலடியில் மானிட்டராக வைத்தோம். வாசக மேடைக்கு நேர் மேலே சுற்றிய மின்விசிறியை மறையுரை நேரத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னோம். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

முதல் ஞாயிறு அவர் நம்பவில்லை. பத்து நிமிடம் தணிந்து பேசிவிட்டுப் பழையபடி கத்தினார், பாக்ஸ் கிழிந்தது போல் ஒலித்தது. உபதேசியார் பின்வரிசையிலிருந்து கையை மார்பில் வைத்துவைத்துக் காட்டினார். மூன்றாவது ஞாயிறு இரண்டாவது பூசை முடிந்து வெளியே வந்து, முற்றத்தில் விளையாடிய பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் உடையவில்லை.

"சார், கத்தாம பேசினா சனம் தூங்கிடுமோன்னு பயந்தேன்," என்றார் என்னிடம். "இன்னைக்குப் பின் பெஞ்சுப் பாட்டி வந்து, நேத்து வரைக்கும் நீ யாரைத் திட்டினன்னு தெரியல்ல, இன்னைக்குத்தான் என்ன சொன்னன்னு கேட்டுதுங்காங்க."